நேற்று பார்த்த வீடு இன்று வந்ததா?

வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரியில் பிறந்த ஜி. மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று சென்னையில் ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ ஆகிய படங்களை இயக்கியவர் அவர். ஆனால் தேனி மாவட்டத்துக்கு வெளியே பெரும்பாலானவர்கள் அவரை அந்தத் தொடரின் ஆதி குணசேகரனாகத்தான் அறிந்திருந்தார்கள். அவர் உடல் சொந்த ஊருக்கு வந்தபோது தமிழ்நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அதே வாரம் தொடரும் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. சில வாரங்கள் குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டதாகக் கதையை நகர்த்தினார்கள். அக்டோபரில் அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். 2022 பிப்ரவரி 7 அன்று தொடங்கிய தொடர் 744 எபிசோடுகளுடன் 2024 ஜூன் 8 அன்று முடிந்தது.

2023இல் தமிழ்த் தொடர்களின் தரவரிசையில் முதலிடம் வரை போன தொடர் இது. மாரிமுத்துவின் மறைவுக்குப் பிறகு தரவரிசையில் இறங்கியது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததாகவே தோன்றும்: அவர் போனார், பார்வையாளரும் போனார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். பாதி உண்மை அதில் இருக்கிறது. மீதியைத் தெரிந்துகொள்ள வேறொன்றைக் கேட்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோதே அந்தத் தொடரின் பழைய பார்வையாளர்கள் மெல்ல விலகத் தொடங்கியிருந்தார்களா? கதையில் அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்து யாருக்கு என்ற கேள்வி எத்தனையோ மாதங்கள் இழுக்கப்பட்டதே, அப்போதே யாராவது எழுந்து போனார்களா? வாரா வாரம் வரும் டி.ஆர்.பி. எண் இதற்குப் பதில் சொல்லாது. அலுப்பு அந்த எண்ணில் தெரிவதற்கு வெகுநாள் முன்பே வேறொரு இடத்தில் தெரிந்துவிடும். அந்த இடத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் டி.ஆர்.பி. எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் 2015 முதல் பார்க் என்ற அமைப்பு இதை அளக்கிறது. ஒளிபரப்பாகும் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியைச் சேனல்கள் சேர்த்து அனுப்புகின்றன. தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் அந்தக் குறியைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதை மீட்டரால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கென்று ஒரு ரிமோட் கொடுத்திருப்பார்கள். அதில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். அம்மா வந்து உட்கார்ந்தால் அம்மா தன் பொத்தானை அமுக்க வேண்டும், எழுந்து அடுப்படிக்குப் போனால் மறுபடி அமுக்க வேண்டும். இப்படி நிமிடத்துக்கு நிமிடம் சேர்ந்த கணக்கைச் சராசரியாக்கி, ஒரு நிமிடத்தில் சராசரியாக எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியிடுகிறார்கள்.

அந்தச் சராசரி ஒரு பெருக்கல் கணக்கு. எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும், வந்தவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையும் பெருக்கினால் வருவது. ஒரு வாரத்துக்கு அதை விரித்தால் மூன்றாவதாக ஒன்று சேரும்: வந்தவர் ஆறு நாளில் எத்தனை நாள் வந்தார். இந்த மூன்றில் ஒன்று குறைந்து இன்னொன்று கூடினால் பெருக்குத்தொகை அப்படியே நிற்கும். தொடருக்கு உள்ளே நோய் முற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே எண் கெட்டியாக நிற்பது இதனால்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். சின்னமனூரில் 100 வீடுகளை நாம் கவனிக்கிறோம். திங்கள் முதல் சனி வரை ஓடும் ஒரு தொடர். முதல் மாதத்தில் ஒவ்வொரு இரவும் 40 வீடுகள் பார்க்கின்றன. அந்த 40இல் 36 வீடுகள் முந்தின இரவும் பார்த்தவை. வாரம் முழுவதும் சேர்த்து ஒரு நாளாவது பார்த்த வீடுகள் 48. ஆறு இரவுக்கு 40 வீதம் 240 பார்வைகள்; அதை 48ஆல் வகுத்தால் ஒரு வீடு சராசரியாக ஐந்து நாள் பார்க்கிறது. ஐந்து நாளுக்குக் குறையாமல் பார்க்கும் வீடுகளை ‘விடாத வீடுகள்’ என்று வைத்தால், அவை 38.

எட்டு மாதம் கழித்து அதே 100 வீடுகளைப் பார்க்கிறோம். இப்போதும் ஒவ்வொரு இரவும் 40 வீடுகள்தான். டி.ஆர்.பி.யில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, தயாரிப்பு அலுவலகத்தில் யாருக்கும் கவலையில்லை. ஆனால் முந்தின இரவும் பார்த்தவை அந்த 40இல் 28 மட்டுமே. வாரத்தில் ஒரு நாளாவது எட்டிப் பார்த்தவை 60 வீடுகளாகிவிட்டன. சராசரி ஐந்து நாளிலிருந்து நான்கு நாளாகிவிட்டது. விடாத வீடுகள் 38லிருந்து 22ஆகக் குறைந்துவிட்டன. அன்றாடம் உட்கார்ந்து பார்த்தவர்கள் கழன்றுகொண்டிருக்கிறார்கள். சேனல் மாற்றும்போது கண்ணில் பட்டால் பத்து நிமிடம் நிற்பவர்கள் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். பிந்தையவர்களை நம்பித் தொடரை ஓட்ட முடியாது. அடுத்த சேனலில் ஒரு நல்ல தொடர் தொடங்கினால் ஒரே மாதத்தில் போய்விடுவார்கள். அப்போது டி.ஆர்.பி. திடீரென விழும், காரணத்தை அந்த மாதத்துக் கதையில் தேடுவார்கள். உண்மையான காரணம் எட்டு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அந்த இடத்தை நிரப்பும் ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் நம்மூர் பார்வையாளர்களுக்குத் தெரிந்த கதைதான். கல்யாண வாரம், கொலை வாரம், ‘மகாசங்கமம்’ என்று இரண்டு தொடர்களை ஒரு மணி நேரத்துக்கு ஒட்டி ஓட்டும் வாரம், அதற்கெல்லாம் முன்பே ஓடும் புரோமோ. இவை எல்லாம் வருகையைக் கூட்டும் வேலை. அவற்றில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் மகாசங்கமத்தின் பலனை அந்த வாரத்து எண்ணில் பார்ப்பது வீண். அது முடிந்து மூன்று வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். விடாத வீடுகளின் எண்ணிக்கை பழைய மட்டத்துக்கு வந்து நின்றால் தொடர் ஆரோக்கியமாக இருக்கிறது. ஒவ்வொரு மகாசங்கமத்துக்குப் பிறகும் அந்த மட்டம் முன்பைவிட ஒரு படி கீழே போய் நின்றால், கடன் வாங்கி வட்டி கட்டும் நிலைக்குத் தொடர் வந்துவிட்டது என்று பொருள்.

இனி, இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம். எபிசோடுக்கு எபிசோடு எத்தனை பேர் தங்குகிறார்கள் என்ற விகிதம் ஒரு தொடரின் ஆயுளில் இயல்பாகவே மேலே ஏறும். இது கதை நன்றாவதால் நடப்பதில்லை. சல்லடையில் சலிப்பதுபோல, தங்க மனமில்லாதவர்கள் முதலில் உதிர்ந்துவிடுவதால் நடப்பது.

மறுபடி 100 வீடுகள். அவற்றில் 50 வீடுகள் இந்த வாரம் பார்த்தால் அடுத்த வாரமும் பார்க்கும் வாய்ப்பு 95 சதவீதம். மற்ற 50க்கு அது 70 சதவீதம். முதல் வாரம் முடிந்ததும் தங்குகிறவர்கள் 82.5 சதவீதம். அடுத்த வாரத்தில் எஞ்சியவர்களுக்குள் பிடிப்புள்ளவர்களின் பங்கு கூடியிருப்பதால் அது 84ஆகும், அதற்கடுத்து 86ஆகும். யார் மனசும் மாறவில்லை, கதையும் மாறவில்லை, விகிதம் மட்டும் ஏறுகிறது. சந்தா போன்றவற்றில் வாடிக்கையாளர் தங்கும் போக்கை ஆராய்ந்த பீட்டர் ஃபேடரும் புரூஸ் ஹார்டியும் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவருடைய விலகும் வாய்ப்பும் நாளாவட்டத்தில் துளியும் மாறாமல் இருந்தாலும், கூட்டமாகப் பார்க்கும்போது தங்கும் விகிதம் உயர்ந்துகொண்டே போகும் என்பது அவர்கள் சொன்னது.

இதை மனதில் இருத்திக்கொண்டால் ஒரு பழைய தொடரை மதிப்பிடும் விதமே மாறிவிடும். புதிய தொடரின் முதல் மாதத்தில் தங்கும் விகிதம் குறைவாக இருப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை, சல்லடை வேலை நடந்துகொண்டிருக்கிறது. 500ஆவது எபிசோடைத் தாண்டிய தொடரில் அந்த விகிதம் அப்படியே நின்றாலே யோசிக்க வேண்டும், ஏனென்றால் அது ஏறியிருக்க வேண்டும். இரண்டு புள்ளி இறங்கினால் அது சின்ன விஷயமில்லை. உதிர வேண்டியவர்கள் எல்லோரும் முன்பே உதிர்ந்துவிட்டார்கள், இப்போது போவது பிடிப்போடு இருந்தவர்கள். அலுப்பு என்று நான் சொல்வது இதைத்தான். முதல் பத்து எபிசோடில் பிடிக்காமல் போனவருக்கு அலுப்பு வரவில்லை, அவருக்குத் தொடர் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இருநூறு எபிசோடு கூட இருந்துவிட்டுப் போகிறவருக்குத்தான் அலுப்பு வந்திருக்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கூட்டத்தைக் கலந்து பார்க்கக் கூடாது. புரோமோவைப் பார்த்துப் புதிதாக நூறு பேர் உள்ளே வந்தால் அவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரமே போய்விடுவார்கள், மொத்த விகிதம் இறங்கும், அதில் அலுப்பு எதுவுமில்லை. அதனால் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதை வைத்து வீடுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் நூறு எபிசோடுக்குள் சேர்ந்தவர்கள் ஒரு வரிசை, அடுத்த நூறில் சேர்ந்தவர்கள் ஒரு வரிசை, இப்படி. மூத்த வரிசையின் விகிதம் இறங்கினால் அது அலுப்பு. இளைய வரிசையின் விகிதம் மட்டும் குறைவாக இருந்தால், தொடர் தன் விளம்பரத்தில் சொன்னதைக் கதையில் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

மாரிமுத்துவின் கதைக்குத் திரும்புகிறேன். மரணம் என்பது அதிர்ச்சி. அதிர்ச்சியும் அலுப்பும் கணக்கில் வேறு வேறு உருவம் எடுக்கும். அதிர்ச்சி ஒரு தேதியில் தொடங்கும். அந்தத் தேதிக்கு முன்னால் மூத்த பார்வையாளர்களின் வரிசை கலையாமல் போய்க்கொண்டிருக்கும், அதற்குப் பிறகு செங்குத்தாக ஒரு வீழ்ச்சி. அலுப்புக்குத் தேதி கிடையாது. வாரத்தில் ஆறு நாள் பார்த்த வீடு ஐந்து நாளாகும், பிறகு மூன்று நாளாகும், ஒரு கட்டத்தில் சனிக்கிழமை மட்டும் என்றாகும். கடைசியில் ஒரு வாரம் வராது, மறந்தேபோகும். இப்படி ஒவ்வொரு வீடும் வேறு வேறு வாரத்தில் படியிறங்குவதால் மொத்தக் கோடு சரிவாகத்தான் இருக்கும்.

‘எதிர்நீச்ச’லில் இரண்டுக்கும் இடையில் ஆர்வம் என்ற மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொண்டது. செப்டம்பரில் ‘குணசேகரனை என்ன செய்யப்போகிறார்கள்’ என்று பார்க்க ஒரு கூட்டம் வந்தது. அக்டோபரில் புதியவர் எப்படி நடிக்கிறார் என்று பார்க்க இன்னொரு கூட்டம். இந்த இரண்டு கூட்டமும் அந்த மாதங்களின் எண்ணை மேலே தாங்கிப் பிடிக்கும். ஆகவே அந்த மாதங்களின் டி.ஆர்.பி.யை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. நவம்பருக்கு அப்பால் ஆர்வம் வடிந்த பிறகு நிற்பதே உண்மையான மட்டம்.

அதிர்ச்சியையும் அலுப்பையும் பிரித்தறிய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 2023 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்குப் போய், 2022இலேயே சேர்ந்த வீடுகள் வாரத்தில் எத்தனை நாள் வந்தன என்று பார்ப்பது. டி.ஆர்.பி. உச்சத்தில் இருந்த அதே மாதங்களில் அந்தச் சராசரி குறைந்துகொண்டிருந்தால், அலுப்பு மரணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது, மரணம் அதை வேகப்படுத்தியது என்று சொல்லலாம். குறையவில்லையென்றால் பழி முழுவதும் செப்டம்பர் 8க்குத்தான். இரண்டாவது, நிமிடக் கணக்கைக் காட்சியோடு பொருத்துவது. குணசேகரன் வரும் காட்சிகளில் மட்டும் ஆட்கள் எழுந்து போய், வீட்டுப் பெண்களான ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி பேசும் காட்சிகளில் தங்கினால், அவர்கள் புதிய முகத்தை ஏற்கவில்லை. எல்லாக் காட்சிகளிலும் ஒரே அளவு கசிவு இருந்தால் அவர்களுக்குக் கதையே அலுத்துவிட்டது. ஒரு நடிகரின் இடத்தில் இன்னொருவர் வந்ததற்கு அவரைக் குறை சொல்வது எளிது. வேல ராமமூர்த்தி மேல் அந்த நாட்களில் விழுந்த பேச்சில் எவ்வளவு நியாயம் என்பதை இந்த நிமிடக் கணக்குதான் சொல்ல முடியும். சந்தா கட்டும் சேனல்களுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் அந்தக் கணக்கு போகிறது. வெளியே வருவது வாரத்தின் முன்னணி நிகழ்ச்சிகளின் பட்டியல் போன்ற சுருக்கம் மட்டும்.

நிமிடக் கணக்கில் அலுப்புக்கென்றே ஒரு முகம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பிடிப்பு இருக்கும் காலத்தில் 9.30 மணித் தொடருக்கு 9.28க்கே ஆள் உட்கார்ந்துவிடும், முன்கதைச் சுருக்கத்தையும் பார்ப்பார்கள். அலுப்பு தொடங்கும்போது முதலில் தேய்வது இந்தத் தொடக்கம். ‘முதல் அஞ்சு நிமிஷம் நேத்து நடந்ததுதானே’ என்று தாமதமாக வருவார்கள். அடுத்து, முதல் விளம்பர இடைவேளைக்குப் போனவர்கள் திரும்பமாட்டார்கள். கடைசி இரண்டு நிமிடம் மட்டும், அதாவது நாளைய புரோமோ வரும் நேரம், நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். தொடக்கம் வற்றி, கடைசி மட்டும் நிரம்பியிருக்கும் எபிசோடு கதையின் சுவை போன எபிசோடு. என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டால் போதும், கூடவே உட்கார வேண்டியதில்லை என்று பார்வையாளர் முடிவுசெய்துவிட்டார். செல்போனில் புரோமோவை மட்டும் பார்ப்பவரும் இந்த வகைதான். யூடியூபில் புரோமோவுக்கு வரும் கூட்டத்தைக் கண்டு தொடர் செழிப்பாக இருக்கிறது என்று எண்ணுவது பெரிய தவறு. புரோமோ பார்ப்பவர்கள் கூடி, முழு எபிசோடு பார்ப்பவர்கள் குறைந்தால், இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இவ்வளவும் சரி, திரும்பி வராத ஒவ்வொருவரும் விலகியவர்தானா? இந்தக் கேள்விக்கு 1975இலேயே ஒரு பதில் வந்துவிட்டது. ஜெரால்ட் குட்ஹார்ட், ஆண்ட்ரூ எரன்பெர்க், மார்ட்டின் காலின்ஸ் என்ற மூவர் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பார்வையாளர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், ஒரு வாரம் ஒரு தொடரைப் பார்த்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே அடுத்த வாரமும் பார்க்கிறார்கள் என்று காட்டினார்கள். மிகவும் பெயர்பெற்ற தொடர்களுக்கும் இதே நிலைதான். வராதவர்களில் பெரும்பாலோர் வேறு சேனலுக்குத் தாவியவர்கள் அல்லர். அந்த நேரத்தில் டிவி முன்னாலேயே இல்லாதவர்கள். வேலை இருந்தது, விருந்தாளி வந்தார், தூங்கிவிட்டார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதைப் புரிந்துகொள்ளப் புத்தகமே தேவையில்லை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், போடி ஊர்களிலிருந்து தினம் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு கிளம்பி, பொழுது சாயும்போது இறங்கி வருகிறவர்கள். ஏலக்காய் பறிப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் இரவு 9.30 அவர்களுக்கு நடுச்சாமம். அவர்கள் விட்ட எபிசோடை மறுநாள் காலை ஜீப்பில் இன்னொருத்தி சொல்லிவிடுவாள். மூன்று நாள் பார்க்காவிட்டாலும் நான்காம் நாள் கதை புரியும். மீட்டர் இந்த வீட்டை மூன்று நாள் ‘வராத வீடு’ என்று எழுதும். அந்தப் பெண்ணோ தொடரை ஒரு நாளும் விடவில்லை.

வயலும் இப்படித்தான். முல்லைப்பெரியாறு அணையிலிருந்து ஜூன் முதல் தேதி முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்தால், லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் வேலை தொடங்கிவிடும். நாற்று, நடவு என்று வீடே வயலில் இருக்கும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாள், அந்த நாட்களில் தேனியைச் சுற்றி மாலையில் டிவி முன்னால் யார் இருப்பார்கள்? அதே பருவத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் வேறு ரிமோட்டை ஆண்பிள்ளைகள் கைக்குக் கொண்டுபோய்விடும். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு தொடர் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினால், அதைப் பார்த்து அலுப்பு என்று எழுதுகிறவர் இந்த ஊரின் நாட்காட்டியைப் பார்க்கவில்லை என்று பொருள்.

ஆகவே மறுநாளே வந்தாரா என்று கேட்பது இங்கே முரட்டுக் கேள்வி. ஏழு நாளுக்குள் திரும்பினாரா என்று கேட்பதே நியாயம். விட்டுப்போன நாட்களின் நீளத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு நாள், மூன்று நாள் இடைவெளி விட்டுத் திரும்பும் வீடு வேலையால் விட்டது. இடைவெளி நான்கு, ஏழு, பன்னிரண்டு என்று நீண்டுகொண்டே போகும் வீடு மனசால் விட்டது. இன்னொரு நல்ல சோதனையும் இருக்கிறது. அந்த இரவு அந்த வீட்டில் டிவி ஓடியதா என்று பாருங்கள். டிவியே ஓடவில்லையென்றால் அந்த இரவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். டிவி ஓடியது, அதே 9.30க்கு வேறு சேனல் ஓடியது என்றால் அந்த இரவுக்குத்தான் எடை அதிகம். அறுவடைக் காலத்தில் தொடர்கள் எல்லாம் சேர்ந்து இறங்கும். ஒரு தொடர் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக இறங்கினால் அதைத் தனியாக எடுத்துப் பார்க்கலாம்.

எரன்பெர்க் குழுவினர் எடுத்துக்காட்டிய இன்னொரு விதியும் இங்கே உதவும். சிறிய தொடருக்கு இரட்டை அடி விழும்: பார்ப்பவர்களும் குறைவு, பார்ப்பவர்கள் திரும்பி வருவதும் குறைவு. பெரிய தொடருக்கு இரண்டும் அதிகம். எனவே ஒரு தொடரின் பார்வையாளர்கள் பாதியாகும்போது திரும்பும் விகிதமும் கொஞ்சம் இறங்குவது எதிர்பார்க்க வேண்டியதே. அதே அளவு கூட்டமுள்ள மற்ற தொடர்களில் எத்தனை சதவீதம் திரும்புகிறார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதைவிடவும் கீழே இருந்தால் மட்டுமே அந்தத் தொடரின் மேல் குற்றம் சொல்லலாம். இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ‘நம் பார்வையாளர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது’ என்று அலுவலகக் கூட்டங்களில் பேசுவது ஆராய்ச்சியாகாது.

தேனி மாவட்டத்துக்கென்று தனியாக இதைப் பார்க்க முடியுமா என்றால், பார்க்கின் மீட்டர்களை வைத்து முடியாது. நாடு முழுவதும் அவர்களுடைய மீட்டர் உள்ள வீடுகள் 55,000க்கு மேல். 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்ட மக்கள்தொகை 12.46 லட்சம், நாட்டின் மக்கள்தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மக்கள்தொகைப்படி பங்கிட்டால் இந்த மாவட்டத்துக்கு ஐம்பத்தைந்து, அறுபது வீடுகள் கிடைக்கும். அவற்றில் நாற்பது வீடு ஒரு தொடரைப் பார்ப்பதாகவே வைத்தாலும், 90 சதவீதம் திரும்புகிறார்கள் என்ற கணக்கு ஒரே இரவில் பத்துப் புள்ளி மேலும் கீழும் தற்செயலாகவே ஆடும். 90 என்பது 84 ஆனால் அதில் படிக்க ஒன்றுமில்லை. பேனல் வீடு ஒன்றில் காதுகுத்து என்றால்கூட எண் மாறிவிடும். தமிழ்நாடு, புதுச்சேரி சேர்ந்த மொத்தக் கணக்கு இதைவிடப் பல மடங்கு நம்பத்தக்கது. அதிலும்கூட, நான்கு வாரம் தொடர்ந்து ஒரே திசையில் போகாத எதையும் நான் அலுப்பு என்று எழுதமாட்டேன்.

பள்ளத்தாக்கைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு, ஒரு கல்லூரி மாணவர் குழுவுக்குக்கூட, நாட்குறிப்பு முறை போதும். நூற்றைம்பது வீடுகளைப் பிடித்து, அவற்றில் மூன்றில் ஒரு பங்காவது தோட்ட வேலைக்குப் போகும் வீடுகளாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஆறு வாரம் ஒவ்வொரு காலையும் நான்கு கேள்வி கேட்டால் போதும். நேற்று ராத்திரி டிவி போட்டீர்களா? தொடர் பார்த்தீர்களா? எந்த இடத்திலிருந்து பார்த்தீர்கள்? பார்க்கவில்லையென்றால் என்ன நடந்தது என்று தெரியுமா? நான்காவது கேள்விதான் முக்கியம், அதை எந்த மீட்டரும் கேட்க முடியாது. பார்க்கவில்லை, ஆனாலும் கதை தெரியும் என்று சொல்லும் வீடு இன்னும் தொடரோடு இருக்கிறது. அவர் ஜீப்பில் கேட்டிருக்கலாம், செல்போனில் சன் நெக்ஸ்டில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, என்ன நடந்ததென்று தெரியாது, விசாரிக்கவும் இல்லை என்று சொல்லும் வீடு போய்விட்டது, அது வாரத்துக்கு ஒருநாள் டிவியில் தொடரை ஓட விட்டாலும்கூட.

பொத்தான் விஷயத்தையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். தொடர் ஓடும், அம்மாவின் பொத்தான் அமுக்கியபடி இருக்கும், அம்மா மறுநாள் சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். காதால் கேட்பதும் பார்ப்பதே என்று ஒரு கட்சி உண்டு, நானும் அந்தக் கட்சிதான். பல தொடர்கள் வானொலி நாடகம்போலக் கேட்பதற்கென்றே எழுதப்படுகின்றன. ஆனால் நாட்குறிப்பில் ‘நேற்று யார் என்ன சொன்னார்’ என்று கேட்டால் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

‘எதிர்நீச்ச’லை இயக்கிய திருச்செல்வம், 2003 முதல் 2009 வரை 1,533 எபிசோடு ஓடிய ‘கோலங்க’ளையும் எடுத்தவர். அதில் பாதிகூட ஓடாமல் ‘எதிர்நீச்சல்’ முடிந்ததைப் பார்வையாளரின் பொறுமை குறைந்துவிட்டதற்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. 2003இல் கம்பத்தில் ஒரு வீட்டில் இருந்தது ஒரு டிவி, ஒரு கேபிள். தொடரை விட்டால் அந்த நேரத்துக்கு வேறு போக்கிடம் குறைவு, அதனால் அலுத்தவரும் உட்கார்ந்திருந்தார். இன்று அலுத்தவர் கையில் செல்போன் இருக்கிறது. பொறுமை குறைந்ததா என்பது தெரியாமலே, போவதற்கான வழி அகன்றுவிட்டது. அந்தக் காலத்து 1,533 எபிசோடுகளில் எத்தனையை மக்கள் விரும்பிப் பார்த்தார்கள், எத்தனையை வேறு வழியில்லாமல் பார்த்தார்கள் என்று பிரிக்காமல் இரண்டு நீளங்களையும் ஒப்பிடுவது பொருந்தாது.

2024 டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்ற பெயரில் கதை மீண்டும் தொடங்கியது. இப்படித் திரும்பித் தொடங்கும் தொடருக்கு முதல் நான்கு வாரத்தின் எண் பழைய உறவின் எண். முன்பு விட்டுப்போனவர்கள் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள், வேல ராமமூர்த்தியை முதல்முறை முழுக் கதையில் காண வருவார்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை, 2023 செப்டம்பருக்கு முன்பே விடாமல் பார்த்துவந்த வீடுகளை மட்டும் தனியே எடுத்து, அவை வாரத்தில் எத்தனை நாள் வந்தன என்று எண்ண வேண்டும். ஐந்து நாள் வந்திருந்தால் அவர்கள் இழந்தது மாரிமுத்துவை மட்டும். மூன்று நாளாகச் சுருங்கியிருந்தால், ஆறு மாத இடைவெளியும் ஆற்றாத அலுப்பு ஒன்று அவர்களிடம் முன்பே இருந்திருக்கிறது, அதைத் தேட வேண்டிய இடம் அப்பத்தாவின் சொத்து இழுபட்ட அந்த மாதங்கள்.